தீபாவளி விடுமுறை அறிவித்தலும் தானியங்கிப் பதிலும்: எங்கே பிழைக்கிறது, எப்படிச் சரிசெய்வது

சித்திரை வருடப் பிறப்புக்கு அலுவலகத்தைப் பூட்டும்போது அறிவித்தலில் என்ன பிழை இருந்தாலும் யாருக்கும் தெரியாது. ஏப்ரல் 13, 14இல் நாடே பூட்டிக் கிடக்கும். கடிதம் எழுதுகிறவரும் வீட்டில், பதில் எழுத வேண்டியவரும் வீட்டில். தீபாவளி அப்படியில்லை. நமது நாட்காட்டியில் அது பொது விடுமுறை, வங்கி விடுமுறை. ஆனால் வர்த்தக விடுமுறைப் பட்டியலில் தைப்பொங்கலுக்கு இருக்கும் இடம் தீபாவளிக்கு இல்லை. ஆகவே ஹட்டனிலும் தலவாக்கலையிலும் நாம் எண்ணெய்ச் சட்டியோடு நிற்கும்போது, கொழும்பில் ஒரு தனியார் கம்பனி வழக்கம்போல மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். விடுமுறைப் பதிலில் உள்ள ஓட்டைகளெல்லாம் தெரிய வருவது இந்தப் பண்டிகையில்தான்.

விளக்கத்துக்கு ஓர் அலுவலகத்தை வைத்துக்கொள்வோம். ஹட்டன் டவுனில் மூன்று பேர் வேலை செய்யும் மொழிபெயர்ப்பு அலுவலகம். பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்களைத் தமிழிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுக்கிறார்கள். மின்னஞ்சலுக்கு ஜிமெயில், மற்றதெல்லாம் வட்ஸ்அப் பிஸ்னஸ். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இவர்கள் 6ஆம் திகதி வெள்ளி மாலை 4.30க்குப் பூட்டி, 11ஆம் திகதி புதன் காலை 9க்குத் திறக்கிறார்கள். திங்களும் செவ்வாயும் வெளியூருக்கு வழக்கமான வேலை நாட்கள் என்பதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, வாடிக்கையாளர் என்ன சொல்லிக் குறைப்படுகிறாரோ அதிலிருந்து தொடங்கிப் பார்ப்போம்.

“மெசேஜ் போட்டேன், ஒரு பதிலும் வரல்ல”

முதலில் அவர் எதில் எழுதினார் என்று கேளுங்கள். வட்ஸ்அப் என்றால், அனுப்பிய செய்தியில் ஒரு டிக் விழுந்ததா, இரண்டு டிக் விழுந்ததா என்று கேளுங்கள். பாதி நோய் அதிலேயே பிடிபட்டுவிடும்.

ஒற்றை டிக் என்றால் செய்தி அலுவலகப் போனுக்கு வந்து சேரவே இல்லை. வட்ஸ்அப் பிஸ்னஸில் `Away message` எனப்படும் விடுமுறைப் பதில் போக வேண்டுமானால், அந்தக் கணக்கு இருக்கும் போனுக்கு இணைய இணைப்பு இருந்தாக வேண்டும். நமது பக்கத்தில் நடப்பது என்னவென்றால், வெள்ளிக்கிழமை மாலை போனை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போவார்கள். சனி இரவு சார்ஜ் தீரும். அல்லது போன் அலுவலக ரவுட்டரின் வைஃபையில் தொங்கிக்கொண்டிருக்கும், நவம்பர் மழையில் கரண்ட் போனதும் ரவுட்டரும் போய்விடும். அல்லது ஏழு நாள் டேட்டா பெக்கேஜ் நடுவிலே முடிந்துவிடும். மூன்றிலும் விளைவு ஒன்றுதான்: பதில் எழுதி வைத்திருந்தும் அதை அனுப்ப ஆளில்லை.

இதற்கு அலுவலகப் போன் யாராவது ஒருவருடைய வீட்டுக்குப் போக வேண்டும். யார் வீட்டுக்கு என்பதிலும் ஒரு கணக்கு உண்டு. முதலாளியின் வீடு தோட்டத்துக்குள், மலைக்கு அந்தப் பக்கம், சிக்னல் வாசலில் வந்து வந்து போகும் இடம் என்றால் அங்கே போய்ப் பயனில்லை. டவுனுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் கொடுங்கள். அவர் யாருக்கும் பதில் எழுத வேண்டியதில்லை, சார்ஜில் போட்டு வைத்தால் போதும். டேட்டாவை வெள்ளிக்கிழமையே புதுப்பித்துவிடுங்கள். அந்த்ரொய்ட் போனில் பற்றரி சேமிப்பு அமைப்பு, திரை அணைந்திருக்கும்போது செயலிகளை உறங்க வைத்துவிடும். வட்ஸ்அப் பிஸ்னஸுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள்.

இரண்டு டிக் விழுந்தும் பதில் வரவில்லை என்றால் அமைப்பில் பிழை. `Business tools` என்பதற்குள் `Away message` திறந்து, `Send away message` உண்மையிலேயே இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வாசகத்தை எழுதிவிட்டு இயக்க மறந்தவர்கள் நிறையப் பேர். அடுத்து `Schedule`. அதில் `Outside of business hours` தெரிவு செய்திருந்தால், அது உங்கள் சுயவிபரத்தில் உள்ள வேலை நேரத்தைப் பார்த்துத்தான் இயங்கும். திங்கட்கிழமை காலை 10 மணி அதன் கணக்கில் வேலை நேரம், தீபாவளிக்கு மறுநாள் என்பது அதற்கு எப்படித் தெரியும்? பண்டிகைக்குச் சரியானது `Custom schedule` ஒன்றுதான். தொடக்கம் நவம்பர் 6 மாலை 4.30, முடிவு நவம்பர் 11 காலை 9.00 என்று மணி வரைக்கும் குறிக்கலாம். முற்பகல், பிற்பகல் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னுமொன்று. சாதாரண வட்ஸ்அப்பில் இந்த வசதி கிடையாது. “நானும் தேடுறேன், அந்த மெனுவே இல்லையே அண்ணே” என்று யாராவது சொன்னால், அவரிடம் இருப்பது பச்சை வட்டத்துக்குள் B எழுத்து உள்ள செயலியா, தொலைபேசிப் படம் உள்ள செயலியா என்று கேளுங்கள்.

அவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் கதை வேறு. ஜிமெயிலின் தானியங்கிப் பதில் கூகுளின் சேவையகத்திலிருந்து போகிறது. ஹட்டனில் கரண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது போகும். ஆகவே ஒருவருக்குப் பதில் போகவில்லை என்றால், அவருடைய கடிதம் ஸ்பாம் பெட்டியில் விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள். ஸ்பாம் என்று ஒதுக்கப்பட்டதற்கு ஜிமெயில் விடுமுறைப் பதில் அனுப்புவதில்லை. அலுவலகக் கணினியில் அவுட்லுக் நிறுவி, POP வழியாக அஞ்சலை இறக்கி, ஒரு விதி எழுதிப் பதில் அனுப்புகிறவர்கள் மட்டும் கவனம்: அந்த விதி இயங்கக் கணினி விழித்திருக்க வேண்டும், அவுட்லுக் திறந்திருக்க வேண்டும். நான்கு நாள் பூட்டும் அலுவலகத்தில் இதை நம்ப முடியாது. அஞ்சல் தரும் நிறுவனத்தின் இணையப் பக்கத்துக்குள் நுழைந்து, அங்கேயே தானியங்கிப் பதிலை வையுங்கள்.

“புது ஆட்களுக்குப் போகிறது, பழைய வாடிக்கையாளருக்குப் போகவில்லை”

இது விசித்திரமாகத் தெரியும், ஆனால் காரணம் எளிது. விடுமுறை வாசகம் `Away message` என்ற இடத்தில் இல்லாமல், அதற்குப் பக்கத்தில் உள்ள `Greeting message` என்ற இடத்தில் எழுதப்பட்டிருக்கும். இரண்டும் அடுத்தடுத்து இருப்பதாலும், வாழ்த்து எழுதுகிறோம் என்பதாலும் கை அங்கேதான் போகிறது. அந்த வரவேற்புச் செய்தி முதல் தடவையாக எழுதுகிறவருக்கும், 14 நாட்களாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்து மீண்டும் எழுதுகிறவருக்கும் மட்டுமே போகும். போன வாரம் பத்திரம் கொடுத்துவிட்டு “ரெடியா?” என்று கேட்கிறவருக்கு ஒன்றுமே போகாது. உண்மையில் பஸ் ஏறி வரப்போகிறவர் அவர்தான்.

இதே குறைபாட்டுக்கு இரண்டாவது காரணமும் உண்டு. `Away message` பகுதியில் `Recipients` என்பதில் `Everyone not in address book` தெரிவாகியிருக்கலாம். பழைய வாடிக்கையாளர்களின் பெயர்களை நீங்கள் சேமித்து வைத்திருப்பீர்கள், ஆகவே அவர்கள் எல்லோரும் வெட்டுப்படுவார்கள். `Everyone` என்று மாற்றுங்கள். இந்த இரண்டில் எது என்று ஊகிக்க வேண்டாம். இரண்டு இடங்களையும் திறந்து பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஜிமெயிலில் இதற்கு நேர் எதிரான வடிவம் வரும். `Only send a response to people in my Contacts` என்ற பெட்டியில் சரி அடையாளம் இருந்தால், புதிய ஆட்களுக்குப் பதில் போகாது. கம்பனிகளுக்கான அவுட்லுக்கில் நிறுவனத்துக்கு உள்ளே, வெளியே என்று இரண்டு பதில்கள் உண்டு. உள்ளே என்பதை மட்டும் நிரப்பிவிட்டு எழுந்துவிட்டால், ஒருவருக்கொருவர் தீபாவளி வாழ்த்துச் சொல்லிக்கொள்வீர்கள், வாடிக்கையாளருக்கு ஒன்றும் போகாது.

“சோதித்துப் பார்த்தபோது ஒரு தடவை வந்தது, பிறகு வரவே இல்லை”

இது பிழையே இல்லை. ஒரே ஆளுக்கு ஜிமெயில் நான்கு நாட்களுக்கு ஒரு தடவைதான் விடுமுறைப் பதில் அனுப்பும். நமது அலுவலகத்துக்குக் கொழும்பிலிருந்து ஒருவர் வெள்ளி மாலை 6 மணிக்கு எழுதினால் பதில் போகும். அவரே திங்கட்கிழமை நினைவூட்டி எழுதினால் போகாது. அதே கம்பனியிலிருந்து இன்னொருவர் தன் முகவரியிலிருந்து எழுதினால் அவருக்குப் போகும். நான்கு நாள் விடுமுறையில் ஒருவருக்கு ஒரு பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதனால்தான் முதல் பதிலிலேயே எல்லாம் இருக்க வேண்டும். “விபரம் பின்னர் அறிவிக்கப்படும்” என்று எழுதினால் அந்தப் பின்னர் வராது. வாசகத்தைத் திருத்திச் சேமித்தால் கணக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும், ஏற்கெனவே பதில் பெற்றவர் எழுதினாலும் புதிய பதில் போகும். மழையில் பாதை அடைபட்டுத் திறக்கும் நாளை ஒரு நாள் தள்ளிப்போட வேண்டி வந்தால் இது கைகொடுக்கும்.

சோதனைக்கு உங்கள் சொந்த இரண்டாம் முகவரியை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தினால் குழம்பிப் போவீர்கள். வேறொருவரின் போனைக் கேட்டு வாங்குங்கள். அந்த ஆள் உங்கள் தொடர்புப் பட்டியலில் இல்லாதவராக இருந்தால் இன்னும் நல்லது.

“வெள்ளி காலையிலேயே ‘பூட்டியாச்சு’ என்று பதில் போகிறது”

ஜிமெயிலில் மணி குறிக்க முடியாது, நாள் மட்டும்தான். `First day` என்று கொடுத்த நாளின் நள்ளிரவு 12 மணிக்கே பதில் தொடங்கிவிடும். `Last day` அன்று இரவு 11.59 வரை போகும். நமது அலுவலகம் வியாழக்கிழமையே உட்கார்ந்து `First day` நவம்பர் 6 என்று கொடுத்தால், வெள்ளிக்கிழமை முழுதும் ஆட்கள் மேசையில் இருக்கும்போதே “பூட்டிவிட்டோம்” என்று பதில் போகும். பண்டிகைக்கு முந்திய வேலை நாள்தான் எல்லோரும் அவசரப்படும் நாள், அன்று வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடும்.

நவம்பர் 7 என்று கொடுத்தாலோ, வெள்ளி மாலை 4.30க்கும் நள்ளிரவுக்கும் இடையில் எழுதுகிறவருக்கு ஒன்றும் போகாது. நல்ல வழி, `First day` 6 என்றே வைத்து, `Save Changes` அழுத்துவதை வெள்ளி மாலை கடைசி வேலையாகச் செய்வது. அந்த நாள் ஏற்கெனவே தொடங்கிவிட்டதால் அழுத்திய நேரத்திலிருந்து பதில் போகும்.

`Last day` என்பது கடைசியாகப் பூட்டியிருக்கும் நாள், திறக்கும் நாள் அல்ல. நமக்கு அது 10. இதையெல்லாம் `See all settings`, அதற்குள் `General`, அதன் அடிப்பகுதியில் `Vacation responder` என்ற இடத்தில் பார்க்கலாம். ஜிமெயிலின் மொழியை பிரித்தானிய ஆங்கிலமாக வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தலைப்புச் சற்று வேறாகத் தெரியும், இடம் அதேதான்.

“தமிழில் எழுதினேன், அவர்களுக்கு ஏதோ ஆங்கில எழுத்தாக வருகிறது”

வாடிக்கையாளர் இப்படி ஒன்றைக் கண்டதாகப் படம் பிடித்து அனுப்புவார்:

```
tzf;fk; jPghtsp
```

நீங்கள் எழுதியது “வணக்கம் தீபாவளி”. நம் நாட்டில் அச்சகம், கொமியூனிகேஷன் கடை, பழைய கந்தோர்க் கணினி எல்லாவற்றிலும் பாமினி எழுத்துரு ஊறிப்போயிருக்கிறது. பாமினியில் தட்டும்போது கணினிக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான். அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்துவது எழுத்துரு. உங்கள் வேர்ட் கோப்பில் அழகாக இருக்கும். அதை நகலெடுத்து ஜிமெயிலிலோ வட்ஸ்அப்பிலோ ஒட்டினால் போர்வை கழன்றுவிடும்.

போனில் தமிழ் விசைப்பலகையால் நேரே தட்டினால் இந்தச் சிக்கல் வராது, அது யுனிகோட். பாமினியில் ஏற்கெனவே எழுதிய வாசகம் இருந்தால், பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. மாற்றிய பிறகு ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். திகதிகளைச் சுற்றியுள்ள புள்ளி, அடைப்புக்குறி போன்றவை சில வேளை வேறு எழுத்தாகிவிடும். கணினியில் உங்கள் கோப்பு எந்த வகை என்று சந்தேகம் வந்தால், வாசகத்தை நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே தமிழாக நின்றால் அனுப்பலாம்.

கதவில் ஒட்டும் தாளுக்குப் பாமினி போதும், அச்சிட்டுவிட்டால் எழுத்து மாறப்போவதில்லை. ஆனால் கோப்பை பென்டிரைவில் எடுத்துப்போய் வேறு கடையில் அச்சிடுவதானால் PDF ஆக்கி எடுத்துச் செல்லுங்கள்.

“மெசேஜ் வந்தது சேர், ஆனா தொறந்திருக்கும்னு நெனச்சித்தான் வந்தோம்”

எல்லாக் குறைகளிலும் விலை கூடியது இது. பொகவந்தலாவையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ ஒரு நாள் பேரை விட்டு, பஸ் ஏறி வந்து, பூட்டிய கதவின் முன் நிற்கிறார். பதில் போயிருக்கிறது, அவர் பார்த்தும் இருக்கிறார். அப்படியென்றால் கோளாறு வாசகத்தில்.

பெரும்பாலும் வாசகம் இப்படித் தொடங்கும்: “எமது அன்பார்ந்த வாடிக்கையாளர்கள் அனைவருக்கும் இருள் நீங்கி ஒளி பெருகும் இத்தீபத் திருநாளில் சகல சௌபாக்கியங்களும் கிடைக்க…” போனின் மேல் பக்கத்தில் தோன்றும் அறிவிப்பில் இரண்டு வரி மட்டும்தான் தெரியும். பண்டிகைக் கிழமையில் இப்படி இருபது வாழ்த்து வரும், அதில் இதுவும் ஒன்று என்று திறக்காமலே தள்ளிவிடுவார். பூட்டும் செய்தி ஆறாவது வரியில் கிடக்கும். ஆகவே முதல் வரியிலேயே பூட்டும் நாள், அடுத்த வரியில் திறக்கும் நாள், வாழ்த்து அதற்குப் பிறகு. மரியாதைக் குறைவாக எவரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அடுத்தது “10ஆம் திகதி வரை மூடப்படும்” என்ற வாசகம். 10ஆம் திகதி திறந்திருக்குமா? பாதிப் பேர் ஆம் என்பார்கள், பாதிப் பேர் இல்லை என்பார்கள், இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. திறக்கும் நாளைக் கிழமையோடும் மணியோடும் தனியாக எழுதினால் இந்த வழக்கே இல்லை. திகதியை 7/11 என்று எழுதாமல் நவம்பர் 7 என்று எழுதுங்கள். வெளிநாட்டிலிருந்து எழுதும் சிலர் அதை ஜூலை 11 என்று வாசிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சனம் டவுனுக்கு இறங்கும் நாள் என்பதால், ஞாயிறும் பூட்டு என்பதைப் பெயர் சொல்லியே எழுத வேண்டும்.

நமது அலுவலகத்துக்கு நான் எழுதிக் கொடுப்பதானால் இப்படி எழுதுவேன்:

> நவம்பர் 7 சனி, 8 ஞாயிறு, 9 திங்கள், 10 செவ்வாய்: அலுவலகம் பூட்டியிருக்கும்.
> நவம்பர் 11 புதன் காலை 9 மணிக்குத் திறப்போம்.
>
> உங்கள் செய்தி எங்களுக்குக் கிடைத்தது. புதன் காலையிலிருந்து வந்த வரிசைப்படி பதில் எழுதுவோம். பத்திரத்தைப் பெற்றுக்கொள்ள வருவதானால், எங்கள் பதில் கிடைத்த பின் புறப்படுங்கள்.
>
> உங்கள் குடும்பத்தின் பத்திரங்களை எங்களை நம்பித் தந்தமைக்கு நன்றி. உங்களுக்கும் வீட்டாருக்கும் எங்கள் தீபாவளி வாழ்த்துகள்.

முதல் பந்திக்குக் கீழே அதே இரண்டு வரியைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சேர்க்க வேண்டும். மூன்று மொழியிலும் முழுக் கடிதம் எழுதினால் நீளம் பயமுறுத்தும், பூட்டும் நாளும் திறக்கும் நாளும் போதும். சிங்கள வரியைச் சிங்களம் வீட்டு மொழியான ஒருவரிடம் காட்டிவிட்டுப் போடுங்கள். மொழிபெயர்ப்பு அலுவலகம் சிங்களத்தில் பிழை விட்டால் அதன் பேச்சு அடுத்த தீபாவளி வரை ஓடும்.

அவசரத் தொலைபேசி இலக்கம் கொடுப்பதா என்று கேட்பார்கள். எடுக்க ஆள் இருந்தால் கொடுங்கள். எடுக்கப்படாத இலக்கத்தைவிட இலக்கமே இல்லாதது நல்லது, அவர் வேறு அலுவலகத்தைத் தேடிப் போகலாம். கொடுப்பதானால் எந்த நேரத்தில் எடுப்பீர்கள் என்றும் எழுதுங்கள்.

வாசகம் சரியாக இருந்தும் ஆள் வந்தால், அவர் போன் பாவிக்காதவராக இருக்கலாம். அவருக்கு உள்ளது கதவில் ஒட்டிய தாள்தான். அந்தத் தாளைக் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டிவிட்டு, போகும்போது ஷட்டரை இழுத்து மூடிவிடுவது நம் ஊரில் வழமையாக நடப்பது. தாள் உள்ளே பத்திரமாக இருக்கும், வெளியே நிற்பவருக்குத் தகரம்தான் தெரியும். ஷட்டரிலேயே ஒட்டலாம் என்றால், ஈரமான குளிர்ந்த தகரத்தில் டேப் ஒரு இரவுக்கு மேல் பிடிக்காது, இங்க்ஜெட் அச்சு மழையில் கரைந்து ஓடும். லேசர் அச்சில் எடுத்து லாமினேட் செய்து, மேலே இரண்டு துளை போட்டு, ஷட்டர் பூட்டிய பின் பூட்டு வளையத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். பக்கத்துக் கடை திறந்திருக்கப் போகிறது என்றால் அங்கேயும் ஒரு பிரதி கொடுங்கள். நடைமுறையில் எல்லோரும் அங்கேதான் விசாரிப்பார்கள்.

இன்னும் சிலர் கூகுள் வரைபடத்தைப் பார்த்து வருவார்கள். உங்கள் அலுவலகம் அதில் இருந்தால், வழமையான நேரத்தைக் கைவைக்காமல், விடுமுறை நாட்களுக்கான சிறப்பு நேரத்தில் நான்கு நாட்களையும் மூடப்பட்டதாகக் குறியுங்கள். வழமையான நேரத்தை மாற்றினால் பிறகு திருப்பி வைக்க மறந்துபோகும்.

“வாழ்த்து நெஞ்சில் குத்தியது” என்று ஒருவர் சொல்கிறார்

மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு எழுதுகிற எல்லோரும் வெளிநாட்டுப் பயணத்துக்காக எழுதுவதில்லை. தகப்பனின் மரண அத்தாட்சிப் பத்திரத்தை மாற்றித் தரச் சொல்லி ஒரு பிள்ளை எழுதியிருக்கும். அதற்கு அடுத்த நொடியில் பட்டாசுப் படத்தோடு “உங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்கட்டும்!” என்று பதில் போகிறது. அந்த வருடம் அந்த வீட்டில் தீபாவளி இல்லை. தானியங்கிக்கு அது தெரியாது, எழுதி வைக்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் தானியங்கிப் பதிலில் உள்ள வாழ்த்து, துக்க வீட்டில் வாசித்தாலும் உறுத்தாததாக இருக்க வேண்டும். மேலே எழுதிய மாதிரியில் மகிழ்ச்சி, கொண்டாட்டம் என்ற பேச்சே இல்லாமல் நன்றியும் வாழ்த்தும் மட்டும் இருப்பது அதற்காகத்தான். ஆச்சரியக்குறி வேண்டாம், படம் வேண்டாம். பட்டாசும் விளக்கும் வண்ணமும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடலாம், அதைப் பார்க்க விரும்புகிறவர் பார்ப்பார். யாருடைய வீட்டில் என்ன நிலை என்று தெரிந்த பழைய வாடிக்கையாளர்களுக்கு, தனித்தனியாகப் பெயர் சொல்லி இரண்டு வரி அனுப்புங்கள். எல்லோருக்கும் அனுப்ப முடியாது என்பது சரி, அனுப்புகிற பத்துப் பேருக்காவது அது உண்மையான வாழ்த்தாக இருக்கும்.

வாழ்த்து வெறுமையாகத் தெரிகிறது என்ற முறைப்பாடும் இதே மருந்துக்குக் கேட்கும். “சகல சௌபாக்கியங்களும்” என்ற வரியை இரும்புக் கடையும் போடும், வங்கியும் போடும். உங்கள் தொழிலில் வாடிக்கையாளர் உங்களுக்கு என்ன தந்தார் என்பதை ஒரு சொற்றொடரில் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் அவர் தருவது குடும்பத்தின் மூலப் பத்திரம், இன்னொன்று எடுப்பதென்றால் கச்சேரிக்கு அலைய வேண்டிய தாள். அதை நினைத்து நன்றி சொன்னால் அலங்காரம் தேவைப்படாது.

தீபாவளி கொண்டாடாத வாடிக்கையாளருக்கு இந்த வாழ்த்துப் போவதில் தவறில்லை, நம் பண்டிகைக்கு நாம்தான் வாழ்த்துகிறோம். அவர்களுக்குச் செல்லும் சிங்கள, ஆங்கில வரிகளில் பூட்டும் காரணம் தீபாவளி என்று ஒரு சொல் இருந்தால் போதும்.

“ஒரு எஸ்எம்எஸ் தான் அனுப்பினேன், இரண்டுக்குக் காசு வெட்டுது”

ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். ஒரு தமிழ் எழுத்து உள்ளே வந்ததும் அது 70 ஆகிவிடும், நீண்டால் துண்டுக்கு 67. உயிர்மெய்யில் குறியும் தனி இடம் பிடிக்கும். “தி” இரண்டு இடம், “க்கு” நான்கு.

“நவ.7-10 அலுவலகம் மூடல். நவ.11 புதன் காலை 9க்கு திறக்கும்.” என்பது 57 இடம். அதன் பின் இடைவெளி விட்டு “நல்வாழ்த்துகள்” என்று சேர்த்தால் 72, இரண்டு செய்தியாகிவிடும். “வாழ்த்துகள்” என்றால் 69, ஒன்றுக்குள் அடங்கும். முந்நூறு பேருக்கு அனுப்பும்போது அந்த “நல்” ஒன்றுக்கு முந்நூறு செய்தியின் காசு.

“திறந்து ஒரு கிழமை ஆகியும் பூட்டியிருக்கிறோம் என்றே பதில் போகிறது”

ஜிமெயிலில் `Last day` பக்கத்திலுள்ள பெட்டியில் சரி அடையாளம் போடாவிட்டால், நீங்கள் நிறுத்தும் வரை அது போய்க்கொண்டேயிருக்கும். கணினியில் ஜிமெயிலைத் திறந்தால் மேலே ஒரு பட்டை தெரியும், அதில் `End now` அழுத்துங்கள். போனில் மட்டும் அஞ்சல் பார்ப்பவர்கள் அந்தப் பட்டையைக் கவனிக்காமலே வாரக்கணக்கில் ஓட்டிவிடுவார்கள். வட்ஸ்அப்பில் காரணம் `Always send`. அல்லது முன்பு சொன்னபடி வாசகம் `Greeting message` இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. அங்கே என்றால் அது தானாக முடிவடையாது. தைப்பொங்கலுக்குப் புதிதாக எழுதுகிறவருக்கும் தீபாவளி வாழ்த்தும் பூட்டிய கதவும் போகும்.

சொந்த டொமைனில் cPanel வழியாகப் பதில் வைத்திருப்பவர்கள், `Interval` என்ற இடத்தில் 0 போட்டிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். 0 என்றால் வருகிற ஒவ்வொரு அஞ்சலுக்கும் பதில் போகும். எதிர்ப்பக்கமும் அப்படியே ஒரு தானியங்கி இருந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று மாறி மாறி எழுதிக்கொண்டிருக்கலாம். அது மணிக்கணக்கு, 24 என்று வைத்தால் ஒரு முகவரிக்கு நாளொன்றுக்கு ஒரு பதிலோடு நிற்கும்.

புதன்கிழமை காலை 9 மணிக்குக் கதவைத் திறந்ததும், வேறொருவரின் போனிலிருந்து வட்ஸ்அப்புக்கு ஒன்று, மின்னஞ்சலுக்கு ஒன்று அனுப்பிப் பாருங்கள். இரண்டுக்கும் பதில் வராவிட்டால் எல்லாம் நின்றுவிட்டது. பிறகு ஸ்பாம் பெட்டியைத் திறந்து, நான்கு நாளில் பதிலே கிடைக்காமல் போனவர்கள் யார் என்று பார்த்து, அவர்களுக்கு முதலில் எழுதுங்கள்.